பின்னால் இருத்தி மூடவும்

"ஹலோ... ஓம், ஓம், குணரத்தினந்தான் கதைக்கிறன். ஆரது?... குறிஞ்சாக்கேணி ஐஸ் பக்டறியோ? ஆ, றம்ஸியா! என்ன பிள்ளை இப்பிடி மூச்சு வாங்குது, ஐஸ் எல்லாம் எழும்பி ஓடிப்போச்சுதோ?..."

குணரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஐஸ் தொழிற்சாலைகளின் இயந்திரங்கள் எல்லாம் அவர் கைபட்டவை. யுத்தம் தொடங்கிய பிறகு கொழும்பிலிருந்து என்ஜினியர்மார் வருவது நின்றுபோக, அந்த இயந்திரங்களின் ஆங்கிலப் புத்தகங்களைத் தமிழாக்கும் வேலையும் அவரிடமே வந்து சேர்ந்தது. அதை அவர் வேண்டாமென்று சொல்லவுமில்லை. இரண்டு மொழியும் தெரிந்த தொழில்நுட்பவியலாளர் என்று அவரை யாராவது அறிமுகப்படுத்தினால், காது கேளாதவர் போல இன்னொரு தரம் சொல்லவைப்பார்.

"என்னது?... அமோனியாவோ? எங்கையிருந்து வருது?... பிள்ளை, 'அங்கயிருந்து' எண்டா எனக்குத் தெரியுமே? நானென்ன சாத்திரியோ?... கொம்பிறஸரில இருந்து கொண்டென்ஸருக்குப் போற பைப்பில இருக்கிற வால்வோ? சரி, அதின்ர தண்டடியிலயோ?... ம்... கிளாண்ட்."

வால்வின் தண்டு வெளியே வரும் இடத்தில், வாயு கசியாதபடி சுற்றி அடைத்திருக்கும் பக்கிங்கை இறுக்கிப் பிடிப்பதுதான் கிளாண்ட். அது கிழமைக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதாக முன்னமே சொல்லியிருந்தார்கள். புதுப் பக்கிங்கும் கொடுத்தனுப்பியிருந்தார்.

"அபூதாஹிர் காக்கா எங்க?... வெளியில நிண்டு இருமுறாரோ? நல்ல வேலை. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு இரும வேண்டியதுதானே... பூட்டின அலுமாரிக்குள்ளயோ? திறப்பு?... முதலாளியிட்ட. முதலாளி?... மூதூரில கலியாண வீட்டில. அருமை! மாஸ்க்காவது காத்துப் படாமல் பத்திரமா இருக்குது. நான் வரலாமெண்டா கிண்ணியாத் துறையில ஆக்களை ஏத்திற பாதைப் படகு ஓடேல்ல. நேவி நிப்பாட்டி வைச்சிருக்கிறான்... ஓம், ஓம், பகிடி விடேல்ல பிள்ளை, சொல்லு. என்ன செய்தவர்?"

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மறுமுனையில், கணக்கெழுதும் றம்ஸியா அலுவலக ஜன்னலால் எட்டி, வெளியே நின்ற முதிய இயந்திரக்காரர் அபூதாஹிரிடம் கேட்டுக் கேட்டுச் சொல்வது அவருக்கு விளங்கியது.

"மெசினை நிப்பாட்டினவர், சரி... பிறகு வால்வை என்ன செய்தவர்?... என்னது, மூடினவரோ? மூடிப்போட்டு கிளாண்டை இளக்கினவரோ! ஐயோ, ஐயோ... இந்த மனுசன் எத்தினை வருசமா இந்த வேலை செய்யிறார்? பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், கிளாண்டில கை வைக்க முந்தி வால்வைக் கடைசி மட்டும் திறக்கவேணும். திறக்க! விளங்குதோ? இடப்பக்கம், இனிச் சுத்த ஏலாதெண்டு நிக்குமட்டும். அப்பதான் உள்ளுக்கிருக்கிற தட்டு மேல போய்த் தண்டின்ர வழியை அடைக்கும். மூடினா தட்டு கீழ போயிடும். கொண்டென்ஸரில இருக்கிற காஸ் எல்லாம் தட்டுக்கு மேல நிண்டு, நேர கிளாண்டாலதான் வெளிக்கிடும். அவருக்கு மூடச் சொல்லி ஆர் படிப்பிச்சது?... ஆர்?... பலகையோ? எந்தப் பலகை?"

தேத்தண்ணிக் கோப்பை மேசைக்கு வந்தது.

"செவரில அடிச்சிருக்கிறதோ?... ஓ, அப்பிடியோ. எந்த மடையன் எழுதினதாம் அதை? வாசி பாப்பம், வடிவா வாசி... ம்... 'கிளாண்டைத் தளர்த்துமுன்...' ம்... 'வால்வைப் பின்னால் இருத்தி...' ம்... 'முற்றாக மூடவும்.'"

குணரத்தினத்துக்குக் காது சூடேறியது. அந்தத் தமிழை அவருக்குத் தெரியும். சொந்தப் பிள்ளையின் குரலைச் சந்தைக்குள் கேட்டதுபோல இருந்தது.

"கீழ என்ன?... ஓம். ஓம், தெரியும். பேரை வாசிக்கத் தேவையில்லை பிள்ளை... சத்தம் போட்டு வாசிக்கத் தேவையில்லை எண்டனான்."

புத்தகத்தில் இருந்த ஆங்கிலச் சொல் 'பாக் சீற்'. வால்வில் 'சீற்' என்றால் தட்டு போய் உட்காரும் இடம். தட்டு அதில் உட்கார்ந்தால் வால்வு மூடிக்கொள்ளும். அது அவருக்குத் தெரியும். ஆகவே 'பாக் சீற்' என்பதும் ஏதோ ஒருவகை மூடுதல் என்று பேனா ஓடியது. அந்த வால்வுக்குள் இரண்டு சீற் உண்டு, மேலே பின்பக்கம் இருப்பதில் தட்டு உட்கார்ந்தால் குழாய் முழுக்கத் திறந்திருக்கும், தண்டு வழி மட்டுமே அடைபடும் என்பது அவருடைய கைகளுக்குத் தெரியும். ஆயிரம் முறை செய்திருக்கின்றன. ஆனால் எழுதும்போது அவர் கைகளைக் கேட்கவில்லை. படத்தையும் பார்க்கவில்லை. இரண்டு மொழி தெரிந்தவர் எதற்குப் பார்க்க வேண்டும்?

"றம்ஸியா, கேள். காக்காவில பிழையில்லை. பலகை பிழை. எழுதினவன் பிழை... ஓம், அவன்தான். பிறகு ஆறுதலாத் திட்டலாம். இப்ப காத்து எந்தப் பக்கம்?... மேற்கால வாற கச்சானோ? அப்ப புகை களப்புப் பக்கம் போகும், நல்லது. காத்துப் போற பக்கம் இருக்கிற சனத்தை எழுப்பி அனுப்பு. ஒருத்தரும் பீடி பத்தக்கூடாது. தண்ணிக் குழாய் இருக்குதே?... அதைப் பிடிச்சு அந்தக் கிளாண்டைச் சுத்தித் தூறலா அடிக்கச் சொல்லு, அமோனியாவைத் தண்ணி குடிச்சிடும்..."

"இனிக் கவனம். காக்கா ஈரத் துவாயை மூக்கில கட்டிக்கொண்டு, காத்து வாற பக்கத்தால வரட்டும். மூச்சு முட்டினா விட்டிட்டு ஓடவேணும், மெசின் போனாப் போகட்டும். முதல் வேலை, கிளாண்ட் நட்டு ரெண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் இறுக்கிறது. அதுக்குப் பிறகுதான் சக்கரம். இல்லாட்டிப் பக்கிங் பிய்ச்சுக்கொண்டு வந்திடும். சக்கரம் இடப்பக்கம், கடைசி மட்டும்... ஓம் எண்டு சொல்லாத பிள்ளை! ஓம் எனக்கு வேண்டாம். நான் சொன்னதை நீ திருப்பிச் சொல்லு... ம்... ம்... இல்லை! நட்டு முதல். சக்கரம் பிறகு. திருப்பிச் சொல்லு... ம், அதுதான். இப்ப காக்காவிட்டச் சொல்லு. அவரும் உனக்குத் திருப்பிச் சொல்லவேணும். கையால காட்டச் சொல்லு, எந்தப் பக்கமெண்டு."

றிசீவர் மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் கூச்சல், இருமல். குணரத்தினம் தன்னையறியாமல் காற்றில் ஒரு சக்கரத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஹலோ... றம்ஸியா?... ஆர்? ஆர் கதைக்கிறது?"

சிங்களம். வீதி முடக்கில் காவல் நின்ற கடற்படைச் சிப்பாய் மணம் பிடித்துக்கொண்டு துவக்கோடு வந்து றிசீவரை எடுத்திருந்தான். உள்ளே போன கிழவன் என்ன செய்கிறான் என்று கேட்டான். குரலில் இருந்த நடுக்கம் சிப்பாயின் விரலிலும் இருக்கும் என்று குணரத்தினம் நினைத்தார்.

"பய வென்ன எப்பா, மஹத்தயா..."

பயப்படவேண்டாம் ஐயா என்று தொடங்கியவருக்கு அடுத்த சொல்லாக 'காஸ்' நாக்கு நுனிவரை வந்தது. அந்த வருடங்களில் துவக்கோடு நிற்பவனுக்குச் சொல்லக்கூடிய சொல்லா அது? நச்சுவாயுத் தாக்குதல் என்றல்லவா எடுத்துக்கொள்வான். அவர் அதை விழுங்கினார். ஐஸ் இயந்திரம் குளிராவதற்கு உள்ளே சுற்றுகிற மருந்து கசிகிறது, கிழவர் அதைத்தான் அடைக்கிறார், அவரை மறித்தால் இன்னும் கசியும் என்று, சோதனைச் சாவடி தாண்டும் அளவுக்கே தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார். என்ன விளங்கியது, ஒருதரம் சொல்லுங்கள் மஹத்தயா என்றும் கேட்டார். வாழ்க்கையில் ஒரு சிப்பாயிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாக இருக்கலாம். சிப்பாய் சொன்னான். சரியாகவே சொன்னான். சொல்லிவிட்டு இருமினான்.

"ஹரி, ஹரி, மஹத்தயா. எளியட்ட... வெளியில போய் நில்லுங்... சீ, தமிழ் வருது..."

மறுபடி றம்ஸியா.

"ஓம் பிள்ளை, சொல்லு... நட்டு இறுக்கியாச்சோ?... சக்கரம்?... சுத்துது... இன்னும் சுத்துது... நிக்கேல்லையோ? நிக்குமட்டும் சுத்தட்டும்... ம்... ம்..."

குணரத்தினம் றிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"நிண்டிட்டுதோ!... சத்தம்?... சீறல் இல்லையோ? நல்லாக் கேட்டுச் சொல்லு... இல்லை. அல்லாவும் பிள்ளையாரும் சேர்ந்து... சரி, சரி. காக்கா வெளிய வந்திட்டாரோ?... கண் எப்பிடி?... கசக்க விடாத! கசக்கினாக் கண் போயிடும். குழாய்த் தண்ணியில கண்ணை முழிச்சுக்கொண்டு கழுவவேணும், போதும் எண்டு அவர் சொன்னாலும் விடாத. பிறகு ஆஸ்பத்திரி. வேண்டாமெண்டு சொல்லுவார், கேக்காத... கையில சூடு பட்ட மாதிரியோ? அதுக்கும் தண்ணிதான்... என்ன?... காக்கா என்னவாம்?"

நீண்ட பேச்சு. குணரத்தினம் இடையில் மறிக்கவில்லை.

"ஓம்... ஓம்... நியாயம்... அதுவும் நியாயம். என்ர தகப்பனை மட்டும் விட்டிடச் சொல்லு, அவருக்கு இங்கிலீசே தெரியாது... றம்ஸியா, நான் சொல்லுறன், அப்பிடியே காக்காவிட்டச் சொல்லு. என்னை மன்னிக்கச் சொல்லு. பகிடி இல்லை. வடிவாச் சொல்லு."

அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"போனை வைக்காத, பொறு."

அவர் அலுமாரியிலிருந்து ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தார். எழுத்தை விட்டுவிட்டு வால்வைக் குறுக்கே வெட்டிக்காட்டும் படத்தை முதலில் பார்த்தார். கீழே ஒரு சீற், மேலே ஒரு சீற். நடுவில் தட்டு. மேலிருந்ததில் அம்புக்குறி போட்டு அந்தச் சொல் எழுதப்பட்டிருந்தது. யாருக்கும் ஒளிக்காமல் அங்கேயே இருந்தது.

"எழுது பிள்ளை. பலகையில பழசைக் கரியால அடிச்சுப்போட்டு இதை எழுது. 'கிளாண்டைத் தளர்த்துமுன், சக்கரத்தை இடப்பக்கம் சுற்றி, வால்வை முழுதாகத் திறக்கவும். இனிச் சுற்ற முடியாமல் நிற்கும்வரை திறக்கவும். மூடக் கூடாது.' எழுதினியோ? இதை இப்ப ஆரிட்டையாவது வாசிக்கக் குடு. அங்க மெசின் தெரியாத ஆக்கள் ஆர் நிக்கினம்?... மீன் ஏத்த வந்த முனாப்போ? அவன் சரி. வாசிக்கச் சொல்லு. வாசிச்சிட்டு, வால்வைத் தொடாமல், சும்மா கையைச் சுத்திக் காட்டச் சொல்லு... எந்தப் பக்கம் சுத்துறான்?... இடமோ? அவன்ர இடமோ, உன்ர இடமோ?... அவன்ர இடம். சரி... நல்லது பிள்ளை, நல்லது..."

"என்ன, பேரோ? கீழ பேர் போடவோ எண்டு கேக்கிறியோ?... போடு. ஆனா முனாப்பின்ர பேரை முதல் போடு, பாத்துச் சரியெண்டவன் அவன்தானே... சிரிக்கிறியோ? சிரி, சிரி... ஹலோ?... றம்ஸியா?... பிள்ளை?..."

லைன் அறுந்துவிட்டது.

குணரத்தினம் றிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே புத்தகத்தில் தொலைபேசி இலக்கங்களைக் குறித்துவைத்திருந்த முன்பக்கத்துக்குப் போனார். அதே பலகையை உட்துறைமுகப் பக்கம் வேறு ஐஸ் தொழிற்சாலைகளுக்கும் அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் தொலைபேசிக் கொக்கியை அழுத்தி விட்டுவிட்டு, அடுத்த இலக்கத்தைச் சுழற்றத் தொடங்கினார்.