திண்டிவனம் போர்டில் என் இடுப்பு

டீயெல்லாம் வேணாம். மொதல்ல அந்த மவுஸ வுட்டுட்டு என் மூஞ்சியப் பாரு, பிரவீனு. திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரத்துக்கு பஸ் ஏறி வந்தது உன் பிளெக்ஸ் கடையில டீ குடிக்கவா? அங்க பஸ் ஸ்டாண்டு எதிர்ல நிக்குதே என் போர்டு, அத இன்னைக்கே எறக்கணும். நீ எடுத்த போட்டோவ எடுத்தபடியே ஏத்தணும். அவ்ளோதான்.

ஓனரு ஜெகதீசன் அண்ணன் சொல்லணுமா? அவரு கடையில சேலை எடுத்துப் போடுறவ நான். மாடலக் கூப்ட்டா செலவு, வேணி, நீயே கட்டிக்கினு நில்லும்மான்னாரு. ஆசையாத்தான் நின்னேன். போர்டு ஏறுன அன்னைக்கு நிமிந்து பாத்தா, எவளோ ஒருத்தி எம்மூஞ்சிய மாட்டிக்கினு நிக்கிறா.

எது, லேசா டச்சப்பா? இடுப்ப ரெண்டு பக்கமும் உள்ள தள்ளி வச்சிருக்க. கட்டம் போட்ட சேலை அது, இடுப்புகிட்ட மட்டும் கட்டமெல்லாம் நசுங்கிக் கெடக்குது. பின்னால இருக்கிற கதவு நெலகூட வளைஞ்சுபோச்சு. கால இழுத்து நீட்டிட்ட. கையில ஊசி போட்ட தழும்பக் காணோம், கழுத்துல கோட்டக் காணோம், கலரும் என்னுது இல்ல. கடைக்கு வர்ற பொம்பளைங்க அதே சேலைய மேல வச்சு கண்ணாடியப் பாத்துட்டு, போர்டுல மாதிரி இல்லியே, நான்தான் குண்டாயிட்டேன் போலன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு போவுதுங்க. எதிர்ல நிக்கிறவதான் போர்டுக்காரின்னு ஒருத்திக்கும் தெரியல.

ஆமா, படத்த மாத்துனத போர்டுலயே எழுதச் சொன்னது நான்தான், யாரு இல்லேன்னாங்க? நீ மூலையில எறும்பு மாதிரி எழுதுன. சண்ட போட்டுத்தான் பெருசாக்குனேன். இந்தப் படத்தில் இடுப்பு, கால், தோல் நிறம் கணினியில் மாற்றப்பட்டுள்ளன. பஸ்ஸுல ஒக்காந்தே படிக்கலாம். இன்னா ஆச்சு? படிக்கிறவங்க கண்ணு நேரா இடுப்புலதான் போய் நிக்குது. பொய்யின்னு தெரிஞ்சும் அதத்தான் அழகுன்னு மனசுல வச்சுக்கினு போறாங்க.

வெளிநாட்டுல இப்பிடி எழுதணும்னு சட்டமே இருக்குதா? இருக்கட்டும். எழுதிட்டா நசுக்குன இடுப்பு திரும்பி வந்துருமா?

கத்தாம எப்பிடிப்பா இருக்கிறது? எம்பொண்ணு அருணா அந்த போர்டுக்குக் கீழ நின்னுதான் தெனமும் ஸ்கூல் பஸ் ஏறுது. எட்டாவது. இப்ப கொஞ்ச நாளா சோறு எறங்கல. தாவணித் துணிய வவுத்துல இறுக்கிக் கட்டிக்கினு படுக்குது. நேத்து ஸ்கூல்ல மயக்கம் போட்டு வுழுந்து, டீச்சரு போன் பண்ணாங்க. கூட்டிக்கினு வந்து கேப்பக் களி உருட்டி வாய்கிட்ட கொண்டு போனேன், தட்டிவுட்டுச்சு. அது பொய்ப்படம்டி, எழுதியே போட்டிருக்குது, படிக்கலியான்னேன்.

படிச்சேம்மான்னுச்சு. நல்லா இருந்தா எதுக்கும்மா மாத்தப் போறாங்க, எனக்கும் உன் இடுப்புதானேன்னுச்சு.

தொற, அந்தப் பழைய போட்டோவ.