என் பையன் செல்லோதான் படிப்பான்

— இன்னொரு தடவை சொல்லு. பொழுதுபோக்குக்கா, பொழப்புக்கா?

— பொழப்புக்குத்தான், அண்ணே. நாலு வருஷப் பட்டப்படிப்பு. என் பையன் செல்லோதான் படிப்பான்.

— ஐயோ தம்பி, அந்த அலமாரி சைஸ் வயலினா? அதோட பஸ் ஏறினா ரெண்டு சீட்டு வேணுமே!

— பத்து வருஷமா ஏறிக்கிட்டுத்தான் இருக்கான், அக்கா.

— கேளுடா. என் கம்பெனியில பிளான் வரையற இடத்துல அவனுக்கு ஒரு நாற்காலி பிடிச்சு வச்சிருக்கேன். லிஃப்ட் ரிப்பேர் பண்ணி உன் முதுகு போனது போதாதா?

— நாற்காலிக்கு நன்றி, அண்ணே. நான் பேசி முடிச்சுடறேன், அப்புறம் திட்டுங்க. நானும் இது ஏதோ பாட்டு கிளாஸ்னுதான் நினைச்சேன். அந்தக் காலேஜுக்கே நேர்ல போய்ப் பார்த்தேன். முதல்ல வாசிச்சு வீடியோ அனுப்பணும். அதுல தேறினவங்களைத்தான் கூப்பிடறாங்க. அங்க ஸ்வரவரிசையும், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு முழுப் பாட்டும் வாசிக்கணும். அப்புறம் முன்னப் பின்னப் பார்க்காத ஒரு இசைத்தாளை நீட்டி, அரை நிமிஷம் பார்த்துட்டு வாசிக்கச் சொல்றாங்க. பியானோவுல நாலு கட்டையை ஒண்ணா அழுத்துவாங்க; என்னென்ன ஸ்வரம்னு இவன் காதாலயே பிரிச்சுச் சொல்லணும்.

— உள்ளே போனா?

— வாரம் ஒரு தடவை ஆசிரியர் முன்னாடி தனியா உக்காரணும். குழுவோட வாசிப்பு, இசை எழுதற இலக்கணம், வரலாறு. வருஷக் கடைசியில நடுவர்கள் முன்னாடி ஒரு மணி நேரம் வாசிக்கணும். தேறலைன்னா வெளிய அனுப்பிடுவாங்க.

— அப்புறம் வேலை? அதைச் சொல்லு முதல்ல!

— மழுப்ப மாட்டேன். ஆர்கெஸ்ட்ராவுல ஒரு இடம் காலியானா நூறு பேர் வர்றாங்க. ஆள் யாருன்னு தெரியக்கூடாதுன்னு திரைக்குப் பின்னாடி உக்காந்து வாசிக்கணும். செல்லோ வாசிக்கற ஒரு அம்மாகிட்டக் கேட்டேன். காலையில பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுக்கறாங்க, சாயங்காலம் கச்சேரி, நடுவுல ரெக்கார்டிங். மூணும் சேர்ந்துதான் பொழப்பு. இருபது வருஷமா நல்லாத்தான் இருக்காங்க.

— உன்னை மாதிரியே, அழைப்பு வந்தா பை தூக்கற வேலை.

— ஆமாக்கா. அதனாலதான் எனக்கு அது புரிஞ்சுது.

— ம்... இவ்வளவு விசாரிச்சிருக்கே. சரி, நான் குறுக்கே நிக்கலை. வகுப்பு எப்ப ஆரம்பிக்குது?

— இந்த வருஷம் இடம் கிடைக்கலை, அண்ணே. போன வாரம் கடிதம் வந்துச்சு. ஆறுதல் சொல்லலாம்னு மறுநாள் காலையில அவன் ரூம் பக்கம் போனேன். உள்ளே அடுத்த வருஷத் தேர்வுக்கு ஒரே ஒரு வரியை மெதுவா, திரும்பத் திரும்ப வாசிச்சுக்கிட்டு இருந்தான். அதுக்கப்புறம்தான் இதையெல்லாம் விசாரிக்கக் கிளம்பினேன். அதுவரைக்கும் நானும் உங்க கட்சிதான்.