பாலம் தாண்டின பிறகு

ஹலோ… ஹலோ… அம்பாசமுத்திரம் சரக்குக் கிட்டங்கியா? யாரு, அப்பாத்துரையா? நான்தாம்ல, அண்ணன் தேவதாசன். வண்ணார்பேட்டை ஆபீஸ்லருந்து பேசுதேன்… ஆமா ஆமா, கம்பெனி டெலிபோன்தான். எங்க ஆபீஸ் துரை வெளிய போயிருக்காரு, வாறதுக்குள்ள சொல்லிருதேன்.

ஏத்தி விட்டாச்சு… ஆமா, அப்பா அம்மா ரெண்டு பேரும். வண்டி கிளம்பி அரை மணியாச்சு. சன்னல் பக்கம் எதிரெதிர உக்காத்தி வச்சிட்டு நேரா இங்கன வாறேன்.

…திரும்பவும் கடியாரத்துக்கு வந்துட்டியா. ஏலே, முப்பது வருசக் கல்யாண நாளுக்கு சாமான் வேண்டாம்னு ஏன் சொன்னேன்? போன கிறிஸ்மசுக்கு நீ வாங்கின சால்வை எங்க? அதுக்கு முந்தின வருசம் நான் வாங்கின விளக்கு?… ஆமா, நம்ம முத்துவோட பெட்டியில. எதைக் கொடுத்தாலும் அம்மா மடிச்சு அதுக்குள்ளதான வைக்கா. ‘ஆத்துல அவன் உடம்பு கிடைக்கலைலா, வந்தா அவனுக்கு ஆவும்’ங்கா. கடியாரமும் அங்கனதான் கிடந்து ஓடும். குத்தாலத்து அருவியில நின்னு குளிச்சதை எந்தப் பெட்டியிலல வைப்பா?

…இல்ல, சொல்லாமக் கூட்டிட்டுப் போகல. பத்து நாளைக்கு முன்னயே சொல்லிட்டேன். திடீர்னு சொன்னா அம்மா மாட்டைக் காரணம் சொல்லுவா, அப்பா பள்ளிக்கூடத்தைக் காரணம் சொல்லுவாவ. மாட்டைப் பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் பாத்துக்கிடுதா. அப்பாவுக்கு மூணு நாள் லீவு வாங்கியாச்சு. தென்காசியில சபை உபதேசியார் வீட்டுல தங்கல், ஸ்டேஷனுக்கு வில்வண்டி வரும். அப்பாவுக்கு முழங்கால் வலிலா, அதனால ஐந்தருவி கிடையாது, கீழ அருவி மட்டுந்தான்… நாம கூடப் போனா அம்மா நமக்குச் சோறு பொங்கிட்டே இருப்பா. அவங்க ரெண்டு பேரும் மட்டும் போகட்டும்.

ரெண்டாம் வகுப்புதான். மூணாம் வகுப்புன்னா பொம்பளையாளுக்குத் தனிப் பெட்டி. சேர்ந்து போவத்தான அனுப்புதோம்?

…ஆமா.

…ஆமால, தெரியும். கல்லிடைக்குறிச்சி தாண்டி அந்தப் பாலம். ரயில் வேற எப்படிப் போவும்? நான் மறக்கல. அம்மாகிட்ட நேராவே கேட்டேன். ‘முத்துவை ஆத்தோட விட்ட இடம் வழியாத்தான் போவணும், வேண்டாம்னா வேற இடம் பாக்கேன்’னேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தா. பெறகு ‘போறேன்’னா. அஞ்சு வருசமா நீ அங்கன இருக்கே, ஒரு தடவையாவது ஆத்தைத் தாண்டி உன்னைப் பாக்க வந்திருக்காவளா?

இரு, இன்னும் முடியல. இன்னைக்கு விடியக்காலம் அம்மா அடுப்படியில என் கையைப் பிடிச்சா. ‘அவனுக்கும் ஒரு டிக்கெட்டு எடு. முழு டிக்கெட்டு. இப்ப இருந்தா இருபத்திமூணு வயசுலா. அப்பாகிட்ட சொல்லாத’ன்னா… ஏலே, இரு. கேளு. ஸ்டேஷன்ல வச்சு அப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டாவ. பன்னெண்டு வருசமா அவன் பேரைச் சொல்லாத மனுசன். ‘முத்துவுக்கு ஒரு அரை டிக்கெட்டு வாங்குல. அம்மாகிட்ட சொல்லாத’ன்னாவ.

…அரை டிக்கெட்டுதான். அப்பாவுக்கு அவன் இன்னும் பதினொரு வயசுப் பயதான்.

வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு பேருக்கும்… ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது. டிக்கெட் பரிசோதகர் வந்தா ரெண்டு பேரும் முத்து டிக்கெட்டையும் சேர்த்து நீட்டத்தான வேணும்… பயமாத்தான் இருக்கு. நான் செஞ்சது சரியான்னு தெரியல.

…அழாதல. அங்கன ஆளு இருக்கும்… என் மேல தப்பு இல்லன்னு நீ எப்பவும் சொல்லுதே. அப்ப எனக்குப் பதினாறு வயசு. ஆத்துல அவன் கை என் கையிலதான இருந்துச்சு? அந்தக் கை வழுவினது இன்னும் என் கையில இருக்குல. சோறு பிசையும்போது இருக்கு, பேனா பிடிக்கும்போது இருக்கு.

என்ன?… அம்மா கேட்ட டிக்கெட்டை எப்ப வாங்கினேனா?

…ஓடிப்போயி வாங்கலல. நேத்து டிக்கெட்டுக்குப் போனப்ப, எத்தனை பேருன்னு கேட்டாவ. மூணுன்னுட்டேன். காசு கொடுத்து வெளிய வந்த பெறகுதான் எனக்கே தெரிஞ்சுது. ராத்திரி பூரா சட்டைப் பையிலயே வச்சிருந்தேன். அம்மா கேட்டப்ப அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

…ஹலோ… ஹலோ… இருக்கியால?

சரி, துரை வண்டிச் சத்தம் கேக்குது. நீ இப்பவே ஸ்டேஷனுக்குப் போ. பாலம் தாண்டினதும் உன் ஊருதான். இட்லி எதுவும் வேண்டாம், வெறுங்கையோட போ. ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு… எதிரெதிரதான் உக்காத்தினேன். இப்ப ரெண்டு பேரும் ஒரே பக்கமா உக்காந்திருக்காவளான்னு பாரு.

வச்சிருதேன்.