கடைசி பஸ் என்றொரு அணி

பெயர் வைப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஆனால் எங்கள் ஆபீசில் நூற்றுநாற்பது பேருக்கு அது வரவில்லை. அரியமங்கலத்தில் இருக்கும் மென்பொருள் கம்பெனி எங்களுடையது. வருஷத்துக்கு ஒரு க்விஸ், அணி அணியாக ராப்பகல் உட்கார்ந்து நிரல் எழுதும் ஒரு ஹேக்கத்தான் போட்டி. ஒவ்வொரு முறையும் சிங்கங்கள், புலிகள், மலைக்கோட்டை மன்னர்கள் என்று பதினைந்து விண்ணப்பம் வரும். இவர்கள் பத்தாவதில் தமிழை எப்படித் தாண்டினார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அதனால்தான் பெயர்களைச் சரிபார்க்கும் வேலையை ஒன்பது வருஷமாக என்னிடம் விட்டிருந்தார்கள். என் பெயர் அற்புதசாமி, வீடு பாலக்கரை. எனக்கென்று சில சோதனைகள் உண்டு. அறிவிப்பாளர் ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும். ஸ்கோர் பலகையில் இரண்டு சொல்லுக்கு மேல் நிற்காது. சாதி, சாமி, கட்சி, உடம்பு, ஊர் எதையும் தொடக்கூடாது. கேலி என்றால் தன்னைத்தானே செய்துகொள்ளலாம், அடுத்தவனை அல்ல. பெயருக்குப் பின்னால் ‘கடைசி இடம்’ என்று சேர்த்துச் சொல்லிப் பார்ப்பேன். தோற்றாலும் சிரிப்பு வர வேண்டும். ‘சிங்கங்கள், கடைசி இடம்’ என்றால் பரிதாபம்தான் வரும். ‘பாஸ்வேர்டு மறந்தவர்கள்’ என்றால் சிரிப்பு வரும். அது நான் வைத்தது. மூன்று வருஷம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

போன வருஷம் வள்ளிக்கண்ணு வந்தாள். பச்சைமலைப் பெண், ஒப்பந்த வேலை. ஹேக்கத்தானில் ஜெயிக்கும் அணியில் ஒப்பந்தக்காரர் இருந்தால் வேலை நிரந்தரம் என்று அந்த வருஷம் அறிவித்திருந்தார்கள். அவள் தன் அணிக்கு ‘கடைசி பஸ்’ என்று எழுதிக் கொடுத்தாள். எங்கள் ஆட்கள் எல்லா வேலையையும் கெடு முடியும் நிமிஷத்தில் ஓடிவந்து ஏற்றுகிறவர்கள். மாடி முழுக்கச் சிரித்தது. என் எல்லாச் சோதனையிலும் அது தேறியது. அன்று மதியம் ஒருத்தன் என்னிடமே வந்து, “சார், இனிமே அணிப் பேரையெல்லாம் அந்தப் பொண்ணுக்கிட்டயே கேட்டுக்கலாம் போலிருக்கே,” என்றான். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் ‘பெயர்க் காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை அவள் காலியாக விட்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

“எங்க ஊருக்கு சாயங்காலம் ஒரு பஸ்தாங்க சார். எங்கக்காவுக்கு எட்டாம் மாசம், வலி வந்துடுச்சு. கடைசி பஸ் போயிடுச்சுங்க. தூக்கிட்டு இறங்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அதுலேர்ந்து வீட்டுல யாரு கிளம்பினாலும் கடைசி பஸ்ஸை விட்டுடாதேன்னுதான் சொல்லுவோம். இந்த வேலையும் எனக்கு அப்படித்தாங்க.”

“நல்ல பேரும்மா,” என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் புகார்ப் பெட்டியில் பெயரில்லாத ஒரு கடிதம் கிடந்தது. நானும் மலைக்காரன், கடைசி பஸ் போனதால் கர்ப்பிணி மனைவியைப் பறிகொடுத்தவன், என் துக்கம் இவர்களுக்கு விளையாட்டா என்று கேட்டிருந்தது. எங்கள் காவலாளிகளில் பாதிப் பேர் மலையிலிருந்து வருகிறவர்கள், யாராகவும் இருக்கலாம். மனிதவளத் துறையின் செல்வமேரி மேடம் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு ஒரு கடிதத்தை எடைபோடத் தெரியாது.

விசாரணைக்கு மேடம், நான், மேலாளர் ஒருவர் என்று மூன்று பேர். “நானும் மலைதாங்க, அது எங்க பஸ்ஸுங்க,” என்றாள் வள்ளிக்கண்ணு.

“உங்களுக்கு வலிக்கலைன்னா யாருக்குமே வலிக்காதாம்மா?” என்று கேட்டேன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

கடிதத்தை அவளிடம் கொடுத்தோம். இரண்டு முறை படித்தாள். “எங்கக்கா மாதிரியே இன்னொருத்தங்களா,” என்று சொல்லி அழுதாள். அதற்குப் பிறகு அவள் வாதாடவே இல்லை. புகார் நிலைத்தால் அந்த அணி அந்த வருஷம் விலக வேண்டும் என்பது விதி. மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். இரண்டு மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தது, யாரும் நீட்டிக்கவில்லை. இப்போது மலையில் மரவள்ளி பிடுங்குகிறாளாம்.

அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். அக்காவை மனைவி என்று மாற்றியதைத் தவிர நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. அதையும் அவள் பேச்சைவிட நன்றாகவே எழுதியிருந்தேன்.

போன வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. “சார், அந்தக் கடிதம் எழுதினவங்க யாருன்னு சொல்ல வேணாங்க. அவங்க என்னை மன்னிச்சிட்டாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க,” என்றாள்.

சற்று யோசித்தேன். மனதில் அவள்மேல் கோபம் எதுவும் மிச்சமில்லை.

“மன்னிச்சிட்டாங்கம்மா,” என்றேன்.