அருளப்பனுக்கு நான் கொடுத்த நற்சான்று

கோடைக்கானலில் மளிகைக்கடை நடத்துகிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, மழைக்காலத்தில் பிஸ்கட் நமுத்துப்போகாமல் காப்பது எப்படி என்பதைத்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். பொறுமையும் சுத்தமும் இருந்தால் போதும். இரண்டும் என்னிடம் உண்டு.

என் பெயர் சுவாமிநாதன். சொந்த ஊர் பழனி. மலைக்கு வந்து கடை போட்டது 1958இல். பக்கத்துக் கிராமமான வில்பட்டியிலிருந்து அருளப்பன் என்னிடம் வேலைக்குச் சேர்ந்தது 1961இல். 1983 ஜூலையில் அவரை நிறுத்தினேன். நிறுத்தியதில் எந்தத் தவறும் இல்லை. வெள்ளைக்காரப் பாதிரிமார் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊரைவிட்டுப் போய்விட்டன. பங்களாக்களில் பாதி பூட்டிக் கிடந்தன. சீசன் இரண்டு மாதம் போனால் கல்லாவில் ஈ மொய்த்தது. நாலு ஆள் வேலை செய்த கடையில் இரண்டு பேருக்கே வேலை இல்லை.

நான் அதை முறைப்படி செய்தேன். மதுரைக்குப் போய் ஆடிட்டரிடம் கேட்டேன். ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவரைத் தக்க காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது, ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும் என்றார். கிராஜுவிட்டி பற்றிக் கேட்டேன். பத்துப் பேருக்குக் குறைவான கடைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, கொடுக்க வேண்டியதில்லை என்றார்.

"கொடுத்தா எப்படிக் கணக்கு போடணும்?"

"மாசச் சம்பளத்தை இருபத்தாறால வகுத்துப் பதினஞ்சால பெருக்குங்க. வருஷத்துக்கு அவ்வளவு."

சம்பளம் இருநூற்று அறுபது. இருபத்திரண்டு வருடம். மூவாயிரத்து முந்நூறு ரூபாய் வந்தது. வியாபாரக் குறைவு என்று காரணம் எழுதி நோட்டீஸ் கொடுத்தேன். அந்த மாதம் முழுவதும் வேலைக்கு வந்தார். கடைசி நாளில் பணத்தைக் கொடுத்து, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து வாங்கினேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அடித்து வாங்கிய நற்சான்றிதழையும் கொடுத்தேன். நாணயமானவர், உழைப்பாளி, வியாபாரக் குறைவால் மட்டுமே விடுவிக்கப்படுகிறார் என்று அதில் இருந்தது.

"எனக்குக் குடுக்கணும்னு சட்டம் இல்லியே மொதலாளி" என்றார் அருளப்பன். கண் கலங்கியிருந்தது. "கர்த்தர் உங்களை நல்லா வைக்கட்டும்."

அத்தோடு முடிந்திருக்கும். மறுவாரம் ஜோசப்பின் டீச்சர் கடைக்கு வந்தார். பதினைந்து வருட வாடிக்கை. "அருளப்பண்ணன் எங்க?" என்று கேட்டார். விவரம் சொன்னேன். கிராஜுவிட்டி கொடுத்ததையும் சொன்னேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டார். "அவர் இருக்கார்னுதான் இம்புட்டு தூரம் ஏறி வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது அவரோடு நிற்கவில்லை. பத்து நாளில் ஏழெட்டுப் பேர் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். சட்டத்தில் இல்லாததைக் கொடுத்தவன் நான். ஒருவர்கூட என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அருளப்பனைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தியதே நான்தான். வேலையை விட்டு அனுப்புவதற்கு மூன்று வருடம் முன்பு, சர்க்கரை மூட்டையைத் தூக்கும்போது மயங்கி விழுந்தார். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். "இதயம் ரொம்ப பலவீனம். கனம் தூக்கவே கூடாது. அவர்கிட்ட சொல்லாதீங்க, பயத்துலயே படுத்துருவார். நீங்க பாத்துக்குங்க." நான் பார்த்துக்கொண்டேன். வாயுத் தொல்லை என்று அவரிடம் சொன்னேன். மூட்டைகளை மற்றவர்களிடம் கொடுத்து, அவரைச் சாமான் எடுத்துக் கொடுக்கவிட்டேன். அங்கே நின்றுதான் அவர் எல்லாருக்கும் அண்ணன் ஆனார்.

அருளப்பன் வேலை கேட்டுப் போன இடங்களிலிருந்து முதலில் விசாரிக்க வந்தவர் ஒரு மாணவர் விடுதியின் ஸ்டோர் மேனேஜர். சான்றிதழை என் முன்னால் விரித்தார்.

"சார், நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா சின்னக் கடை. கிராஜுவிட்டி குடுக்க வேண்டியதே இல்லியே. எதுக்கு இம்புட்டுக் குடுத்து அனுப்புனீங்க?"

நான் கல்லாப் பெட்டியை மூடிப் பூட்டினேன். பிறகு, "விடுங்க சார். பழைய ஆளு. பேச்சு வளர வேண்டாம்னுதான்" என்றேன்.

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வேலை கிடைக்கவில்லை. அடுத்து பேக்கரிக்காரர் வந்தார். "கை சுத்தமா?" என்று நேராகவே கேட்டார். "நான் எதையும் கண்ணால பாக்கல" என்றேன். அதுவும் உண்மை. பார்ப்பதற்கு எதுவும் இருந்ததில்லை. அந்த இடமும் போயிற்று. நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

செப்டம்பரில் அருளப்பன் கடைக்கு வந்தார். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றார். மெலிந்திருந்தார்.

"மொதலாளி, நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா? போற எடத்துல எல்லாம் ஒரு மாதிரியா பாக்காக."

"நான் எழுதிக் குடுத்ததுல ஏதாவது குறை இருக்கா?"

"அய்யோ, இல்லீங்க."

"அப்புறம் என்னைக் கேட்டா நான் என்ன சொல்ல?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாலு கடைக்காரர்கள் அவரை நிறுத்திப் பேசினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வேலையும் இல்லாத மனிதருக்கு அத்தனை மரியாதை. அன்று முழுவதும் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

அடுத்த வாரம் மலைச்சாமி வந்தார். வில்பட்டியில் உருளைக்கிழங்கு வாங்கி லாரி ஏற்றுகிற வியாபாரி. அவருக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை, நாணயமும் தேவைப்படவில்லை.

"அருளப்பன்னு ஒரு ஆளு சோலி கேக்காரு. அம்பத்தாறு வயசுங்காரு. காட்டுலேருந்து ரோட்டுக்கு மூட்டை சொமக்கணும். தாங்குவாரா?"

அப்போது ஒருவருக்குப் பாக்கிச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்துக் கொடுத்தேன். யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது, அவர் மேஜை, அவர் குரல் எல்லாம் வந்தது. அவரும் நானும் தவிர அது வேறு யாருக்கும் தெரியாது. மற்ற இரண்டு பேரிடமும் அருளப்பனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலைச்சாமியிடம் தாராளமாக வந்தது.

"நல்ல திடமான ஆளு. எம்புட்டு மூட்டை தூக்கியிருக்காரு தெரியுமா? யோசிக்காம சேத்துக்குங்க."

"நீங்க சொன்னா சரிங்க" என்று மலைச்சாமி போய்விட்டார்.

பதினெட்டு நாள் சுமந்தார். பத்தொன்பதாம் நாள் காலையில், மழை பெய்து வழுக்கிய தோட்டப் படிகளில் மூன்றாவது மூட்டையோடு ஏறும்போது உட்கார்ந்தார் என்றார்கள். மூட்டையைக்கூடச் சாய விடாமல் இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாராம். பிறகு எழுந்திருக்கவில்லை. யாரும் போலீசுக்குப் போகவில்லை. போக என்ன இருக்கிறது? வயதானவர், சுமை தூக்கினார், செத்தார். என்னை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் அவரைக் கொன்றேன். கையில் எதையும் எடுக்காமல், குரலை உயர்த்தாமல், அவருக்குச் சிபாரிசு செய்து கொன்றேன்.

அடக்கத்துக்குப் போனேன். மாதா கோயில் வாசலில் அவர் மனைவி கித்தேரியம்மாள் என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஒங்க வார்த்தையாலதான் அய்யா அவருக்கு அந்தச் சோலியாச்சும் கெடச்சுது. கடைசி நாள் வரைக்கும் ஒங்களைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜோசப்பின் டீச்சரும் இருந்தார். நான் கித்தேரியம்மாளின் கையைத் தடுக்கவில்லை. இத்தனை பேரில் நன்றி தெரிந்தவர் அவர் ஒருவராவது இருக்கிறாரே என்று மனதுக்கு நிறைவாக இருந்தது.