புடிச்சா வுடாது

"தூரத்துலேர்ந்து பார்த்தாலும் நண்டு நண்டாத்தான் தெரியணும்" என்று பின்சீட்டில் ஒரு குரல் கேட்டதும் என் காது அங்கே போய்விட்டது. உத்திரமேரூரில் கிளம்பிய காஞ்சிபுரம் பஸ். யூனிஃபார்மில் ரெண்டு பெண்கள், மடியில் ஒரு ரோபோ. போட்டிக்கான டீம் பேரை டீச்சருக்கு இன்றைக்குள் சொல்லியாக வேண்டுமாம்.

"போன தபா 'இளம் விஞ்ஞானச் சிறகுகள்'னு வச்சோம். மைக்குல பேரு படிச்சவரு அத்தச் சொல்ல வராம 'அடுத்த டீம்'னாரு. நம்மதான்னு தெரியாம உக்காந்துகினு இருந்தோம்."

"அதுக்காவ நண்டா, கவிதா? சிரிப்பாங்க."

"சிரிச்சா மறக்க மாட்டாங்க, ரஹமத். ரோபோ மேல ஒட்டற ஸ்டிக்கரு உள்ளங்கை சைஸுதான். அதுல சிறகு போட்டா கறையாட்டம் தெரியும். நண்டுன்னா ஒரே கலரு, ரெண்டு கொடுக்கு. வேற டீமு எதுவும் இந்தப் பேரு வக்கல, பார்த்துட்டேன்."

"கோஷம்?"

"ஒருத்தி 'புடிச்சா?'ன்னு கேக்கணும். மத்தவங்க 'வுடாது'ன்னு சொல்லணும். ரெண்டு கைதட்டுல முடிஞ்சிடும்."

"நேத்துகூட இந்த ரோபோ கட்டையத் தூக்கிட்டு கீய போட்டுச்சு. அத்த வச்சுகினு வுடாதுன்னு கத்தறதா? வெக்கமா கீது."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. யார் விரலோ பட்டனில் பட்டிருக்க வேண்டும், கொர்ரென்று சத்தம். திரும்பினேன். ரோபோவின் கை ரஹமத்தின் துப்பட்டாவைக் கவ்வியிருந்தது. இழுத்தாள். வரவில்லை.

"புடிச்சா?" என்றாள் கவிதா.

"வுடாது" என்றார், டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர்.

ரஹமத் இழுப்பதை நிறுத்தினாள்.

"டீச்சருக்கு போனைப் போடு."