நாற்பத்தொரு நெருப்பு

தங்கம்: இன்னொரு தரம் மேல இருந்து தள்ளிப் பாரு புள்ள. எங்கயாவது இடுக்குல இருப்பாரு.

ஷெரின்: மூணு தரம் பாத்துட்டேன் அத்தே. இன்ஸ்டா ஸ்டோரில உங்க ரவா லட்டை முப்பத்தி நாலு பேரு பாத்திருக்காங்க. அதுல அவரு பேரு இல்ல.

தங்கம்: முப்பத்தி நாலா! நான் ரிட்டயர் ஆன அன்னைக்கு ஸ்கூல்ல அம்புட்டுப் பேரு வந்து மாலை போடல. ஒரு லட்டுக்கு ஊரே திரண்டு வருது. வர வேண்டியவரு மட்டும்...

ஷெரின்: அத்தே, உங்க பேச்சைக் கேட்டா ஆனையூர்ல தேர் ஓடுன மாதிரி இருக்கு. அதுல பாதிப் பேரு விரல் தள்ளுற வேகத்துல லட்டா உருளைக்கிழங்கான்னுகூடப் பாத்திருக்க மாட்டாங்க.

தங்கம்: அவரு அப்படி இல்ல. விடியகாலம் அஞ்சு மணிக்குக் கோலத்தைப் படம் புடிச்சுப் போட்டேன்னு வையி, அஞ்சு ரெண்டுக்கு நெருப்பு வந்துரும். எனக்குத் தெரிஞ்சு தீயணைப்பு வண்டிகூட அம்புட்டு வேகமா வராது.

ஷெரின்: மொத மொத வந்தப்ப நீங்க பண்ணுன கூத்து நினைப்பிருக்கா?

தங்கம்: ஏன் இல்லாம? கண் ஆபரேஷன் முடிஞ்சு நான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த படம். கீழ ஒத்த நெருப்பு. நான் வீட்ல எங்கயோ கேஸ் கசியுதுன்னு சொல்றாரோன்னு அடுப்படிக்கு ஓடுனேன்.

ஷெரின்: எனக்கு ஆபீசுக்குப் போன் போட்டு, 'நாகசுப்பிரமணியன் சார் நெருப்புங்கிறாரு, நீ சிலிண்டரை மூடினியா'ன்னு கேட்டீங்க. என் மேனேஜர் பயந்துட்டாரு.

தங்கம்: அப்புறம் நீதான் வந்து விளக்குன. ஸ்டோரிக்குக் கீழ தொட்டா எட்டுப் பொம்மை வரும்...

ஷெரின்: மேல நாலு, கீழ நாலு. சிரிக்கிறது, வாயைப் பொளக்கிறது, கண்ணுல ஹார்ட்டு, அழுகை. கீழ கைதட்டு, நெருப்பு, கொண்டாட்டம், நூத்துக்கு நூறு. எதைத் தொட்டாலும் தானா மெசேஜா வந்து விழுந்துரும். டைப் அடிக்கவே வேண்டாம்.

தங்கம்: எட்டுல நெருப்பைத்தான் எடுப்பாரு. நாப்பத்தியோரு தடவ. விரல் வழுக்குனா ஒரு தடவ வழுக்கும். நாப்பத்தியோரு தடவையா வழுக்கும்?

ஷெரின்: அதுக்கு 'சூப்பரு'ன்னு அர்த்தம், அம்புட்டுதான். நான் புதுச் செருப்பைப் போட்டாக்கூட எங்க ஆபீஸ் டயானா நெருப்பு அனுப்புவா. செருப்பு மேல அவளுக்கு என்ன ஆசையா?

தங்கம்: டயானாவை விடு. அவ வயசுல நெருப்பு அள்ளி வீசலாம். எழுபது வயசு மனுசன், என்னைய மாதிரியே கண் ஆபரேஷனுக்கு வந்து ஆஸ்பத்திரியில பழக்கமானவரு, தபால் ஆபீஸ்ல முப்பத்தாறு வருசம் அடுத்தவங்க காயிதத்தையே சுமந்தவரு. அவரு ஒண்ணு அனுப்புனா அது சும்மாவா இருக்கும்?

ஷெரின்: அவரு பதிலுக்குப் பேசுனதே இல்லையே அத்தே. அந்தப் பக்கத்தைத் தொறங்க. இந்தா பாருங்க... 'உங்க ஸ்டோரிக்குப் பதில்', நெருப்பு. 'உங்க ஸ்டோரிக்குப் பதில்', நெருப்பு. படம் எல்லாம் இருபத்தி நாலு மணி நேரத்துல போயிருச்சு. எதுக்கு அனுப்புனாருன்னுகூடத் தெரியல.

தங்கம்: எனக்குத் தெரியும். இது குழிப்பணியாரம். இது செல்லூர்க் கண்மாயில மழை. இது என் வெண்டைக்காய்ச் செடி. இது... இது உங்க மாமா கல்லறைக்குப் பூ வெச்சது.

ஷெரின்: கல்லறைக்குமா நெருப்பு?

தங்கம்: அது வந்ததும் எனக்கும் திக்குன்னுச்சு. அடுத்த மாசம் ஆஸ்பத்திரியில கண்ணு காட்டப் போனப்பக் கேட்டேன். 'அழுகைதான் அனுப்பணும்னு நெனச்சேன் மேடம், ஆனா என்னைய அழுகையில நீங்க பாக்க வேண்டாம்'னாரு.

ஷெரின்: ...இதை நீங்க சொல்லவே இல்லையே.

தங்கம்: எல்லாத்தையும் மருமகள்கிட்டச் சொல்லிட்டா நான் எதுக்கு இருக்கேன்? சரி, சொல்லு. பன்னெண்டு நாளா ஏன் நெருப்பு இல்ல?

ஷெரின்: ரீசார்ஜ் முடிஞ்சிருக்கும்.

தங்கம்: பன்னெண்டு நாளா?

ஷெரின்: போன் ரிப்பேரா இருக்கும். இல்லாட்டி மக வீட்டுக்குப் போயிருப்பாரு. பேரன் பேத்தி விளையாட்டுல...

தங்கம்: அடுக்கு, அடுக்கு. நீ பொய் சொல்றப்ப மட்டும் வார்த்தை வரிசையா வருது.

ஷெரின்: நான் ஏன் பொய் சொல்லப் போறேன்?

தங்கம்: அந்த ஞாயித்துக்கிழமை நான் போட்ட படம் நினைப்பிருக்கா? சர்ச் முடிஞ்சு வர வழியில.

ஷெரின்: பருத்திப்பால்தான? பெஞ்சுல ரெண்டு கிளாஸ். 'கூட யாரு வந்தா'ன்னு கேட்டேன். 'தாகம்'னீங்க.

தங்கம்: தாகம்தான். ரெண்டையும் நானே குடிச்சேன். வயித்துல பானையக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி நடந்து வந்தேன்.

ஷெரின்: அப்புறம் எதுக்கு ரெண்டு வாங்குனீங்க?

தங்கம்: அதுக்கு முந்தின வியாழக்கிழமை கடைசிச் செக்கப். டாக்டர் எங்க ரெண்டு பேரையும் 'இனிமே வர வேண்டாம்'னுட்டாரு. படி இறங்குறப்ப அவரு கேட்டாரு. 'இனி எதைச் சாக்கு வெச்சுப் பாக்குறது மேடம்? சாயங்காலமாச்சும் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பேசிக்கிட்டு இருக்கலாமா? ஊருக்குத் தெரிஞ்சே'ன்னாரு.

ஷெரின்: அத்தே...

தங்கம்: வாயத் தொறந்து நான் என்னத்தச் சொல்ல? அறுபத்தி நாலு வயசு. 'ஸ்டோரில போடுறேன்'னேன். 'ஒரு கிளாஸ் இருந்தா வேண்டாம். ரெண்டு கிளாஸ் இருந்தா சரி'ன்னு. கெவர்மெண்ட் டெண்டர் மாதிரி நிபந்தனை போட்டுட்டு வந்தேன்.

ஷெரின்: ரெண்டு கிளாஸ் போட்டீங்க.

தங்கம்: போட்டேன். பதில் இல்ல. அன்னையிலருந்து நெருப்பும் இல்ல. ஏம்மா, இந்த மறைச்சு வைக்கிறது இருக்கே... பக்கத்து வீட்டு மொக்கைச்சாமி ஒவ்வொரு பலகாரத்துக்கும் கிண்ணத்தோட வர்றாருன்னு அவருக்குச் செஞ்சோமே...

ஷெரின்: ஸ்டோரியை இன்னாருக்குக் காட்டாதன்னு வைக்கிறது.

தங்கம்: அதான். அப்படி வெச்சா அந்த ஆளுக்குத் தெரியுமா?

ஷெரின்: தெரியாது. ஒரு தகவலும் போகாது. உங்க படத்தைச் சுத்திக் கலர் வளையம் வராது, அவ்வளவுதான். நீங்க ஒண்ணுமே போடலைன்னு நெனச்சுக்குவாங்க.

தங்கம்: ஒண்ணுமே போடல...

ஷெரின்: ஏன் கேக்குறீங்க?

தங்கம்: அந்த ஆளு வேற வழியில எட்டிப் பாக்க முடியுமா? அடுத்தவங்க போன்லருந்து, இல்ல சுத்தி வளைச்சு... ஏதாவது ஒரு ஓட்டை இருக்குமில்ல?

ஷெரின்: அத்தே, நீங்க யாரைச் சந்தேகப்படுறீங்கன்னு புரியுது. நான் சொல்லிடுறேன். உங்க மகன் என்கிட்டச் சொன்னது நெசம்.

தங்கம்: ஜெய்சனா? என்னன்னு?

ஷெரின்: 'அம்மா போனை எடுத்து அந்த ஆளுக்கு ஸ்டோரி போகாத மாதிரி பண்ணிவிடு. சபையில விருந்தப்பக் கேலி பேசுறானுங்க'ன்னாரு. போன மாசம். 'பண்ணிட்டேன்'னு அவர்கிட்டச் சொன்னேன். ஆனா சத்தியமா பண்ணல அத்தே. இந்தா, நீங்களே பாருங்க. மறைச்ச ஆளுங்க... ஒரே ஒருத்தர். மொக்கைச்சாமி.

தங்கம்: பண்ணலையா நீ?

ஷெரின்: நெருப்பு வந்தா உங்க மொகம் எப்படி ஆகும்னு எனக்குத் தெரியும்ல. நான் எப்படிப் பண்ணுவேன்?

தங்கம்: ...புருசன் பேச்சைத் தட்டுன மருமகளுக்கு நான் செல வைக்கணும். வெண்கலத்துல.

ஷெரின்: சிரிக்காதீங்க. எனக்கு இன்னொண்ணு சொல்லணும். பத்து நாளா தொண்டையில நிக்குது.

தங்கம்: சொல்லு.

ஷெரின்: செவ்வாக்கிழமை நான் ஆபீஸ் விட்டு செல்லூர் வழியா வந்தேன். ரவுண்டானாகிட்ட... போஸ்டர் ஒட்டியிருந்துச்சு. கறுப்புக் கரை போட்ட போஸ்டர். ஸ்கூட்டர் மேல உக்காந்த படம். அவரோட இன்ஸ்டால இருக்குமே, அதே படம்.

தங்கம்: ம்.

ஷெரின்: திங்கக்கிழமை விடியகாலம் நாலு மணிக்கு. மாரடைப்பாம். நான் எப்படி உங்ககிட்ட வந்து...

தங்கம்: கண்ணீர் அஞ்சலின்னு பெருசா. கீழ 'வருந்தும் குடும்பத்தார்'. மூலையில பசை காயாம ஒரு பக்கம் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. காத்துல அவரு மொகம் மடிஞ்சு மடிஞ்சு நிமுந்துச்சு.

ஷெரின்: அத்தே... நீங்க பாத்தீங்களா?

தங்கம்: மூணு பஸ்ஸை விட்டுட்டு எதிர்ல நின்னேன். அவரு வீட்டுக்குப் போகலாம்னா யாருன்னு சொல்லிப் போறது? அவங்க வீட்ல சௌராஷ்டிர பாஷையில அழுவாங்க. எனக்கு என்னன்னும் புரியாது, எதைச் சொல்லி அழன்னும் தெரியாது. நாப்பத்தியோரு நெருப்பு வந்திருக்குன்னு சொன்னா உள்ள விடுவாங்களா?

ஷெரின்: அப்ப இம்புட்டு நேரமா அவரு பேரைத் தேடச் சொன்னது...

தங்கம்: உனக்குத் தெரியுமான்னு பாக்கத்தான். நீயும் எனக்குத் தெரியாம இருக்கணும்னு பாத்த. மாமியார் மருமக ரெண்டு பேரும் ஒரே செத்தவரை வெச்சு ஒளிஞ்சு விளையாடியிருக்கோம்.

ஷெரின்: என்னைய மன்னிச்சிருங்க.

தங்கம்: மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஒரே ஒண்ணு தெரிஞ்சா போதும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் படம் போட்டேன். நடுராத்திரி தாண்டி அவரு உசுரோட இருந்திருக்காரு. கையில போனும் இருந்திருக்கும். அந்த ரெண்டு கிளாஸைப் பாத்தாரா?

ஷெரின்: இப்பப் பாக்க முடியாது அத்தே. படம் உங்க சேமிப்புல இருக்கும். ஆனா யார் யாரு பாத்தாங்கங்கிற பட்டியல் ரெண்டு நாளுதான் இருக்கும். அப்புறம் போயிரும்.

தங்கம்: தெரியும். தொறந்து பாத்தேன். ரெண்டு கிளாஸ் இருக்கு, பேரு ஒண்ணும் இல்ல.

ஷெரின்: ஆனா... நான் அன்னைக்கே பாத்தேன்.

தங்கம்: எப்ப?

ஷெரின்: ராத்திரி ஒம்பதரை இருக்கும். உங்க போன் சார்ஜுல கெடந்துச்சு. கூட வந்தது யாருன்னு ஒரு இது... பட்டியலைத் தொறந்தேன். அவரு பேரு இருந்துச்சு அத்தே. மேல இருந்து மூணாவது.

தங்கம்: மூணாவதா?

ஷெரின்: ஆமா. நல்லா நினைப்பிருக்கு. நெருப்பு மட்டும் அனுப்பல. காலையில அனுப்பலாம்னு வெச்சிருப்பாரு. அவரு பாத்துட்டுத்தான் போனாரு. அத்தே... ஏன் அப்படிப் பாக்குறீங்க?

தங்கம்: நீ நல்ல புள்ள ஷெரின். எனக்காக இம்புட்டு அழகாப் பொய் சொல்ற. ஆனா அவரு பேரு அதுல இருந்திருக்கவே முடியாது. அந்தப் படத்தைப் போடுறதுக்கு முன்னாடி அவரை மறைச்சு வெச்சதே நான்தான். ஒரு நாளு மத்தவங்க பாக்கட்டும், என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு அவருக்குக் காட்டலாம்னு நெனச்சேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு, குளிச்சுத் தலைசீவி உக்காந்து, மறைச்சதை எடுத்து அவருக்குத் தொறந்துவிட்டேன்.